நூறு மில்லிமீட்டரில் தெரியாத பிழை

அரை மீட்டரைவிடச் சற்று நீளமான இரும்புத் தகடு. அதில் நூறு மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஆறு துளைகள். அடுத்தடுத்த இரண்டு துளைகளை வெர்னியரால் அளந்தால் இடைவெளி சரியாக இருக்கிறது. ஆனால் முதல் துளையையும் கடைசித் துளையையும் பிடித்து அளந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக நிற்கிறது. எதிரே வர வேண்டிய பாகத்தில் முதல் நான்கு போல்ட்டுகள் விரலால் தள்ளினாலே இறங்குகின்றன. கடைசி இரண்டும் முரண்டு பிடிக்கின்றன. சின்னச் சின்ன வேலைகளை ஒழுங்காகச் செய்து கொடுக்கும் மெஷின், நீளமான வேலை என்றதும் ஏன் தப்புகிறது?

பதில் மேசைக்கு அடியில் இருக்கிறது. மில்லிங் மெஷினின் டேபிளை இழுப்பது லீட் ஸ்க்ரூ என்னும் நீண்ட திருகுத் தண்டு. ஒரு சுற்றுக்கு டேபிள் எவ்வளவு நகர்கிறதோ அதுதான் அதன் பிட்ச். ஐந்து மில்லிமீட்டர் பிட்ச் என்றால் நூறு சுற்றில் ஐந்நூறு மில்லிமீட்டர். மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டுமே கம்ப்யூட்டருக்குத் தெரியும். டேபிள் உண்மையில் எங்கே போய் நின்றது என்பது தெரியாது. மரைகள் எல்லாம் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த ஐந்து, உண்மையில் ஐந்தும் ஒரு மைக்ரானும் என்றால், நூறு சுற்றில் நூறு மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். முழக்கோல் ஒரு நூல் நீளமாக இருந்தால் ஒரு முழத் துணியில் யாருக்கும் தெரியாது, ஒரு கட்டுத் துணியில் தெரிந்துவிடும். அதே கதைதான்.

இதை மோசமான தயாரிப்பு என்று சொல்லிவிட முடியாது. பந்துகள் உருளும் பால் ஸ்க்ரூக்களுக்கு ஜப்பானியத் தர அளவில் C7 என்ற வகை உண்டு. 300 மில்லிமீட்டருக்கு 0.05 வரை பிழை இருக்கலாம் என்பது அதற்கான அனுமதி. C10 வகைக்கு அனுமதி 0.21. உருட்டி உருவாக்கும் மலிவான திருகுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். அரைத்து முடித்த உயர்தரத் திருகு வாங்கினால் பிழை பல மடங்கு குறையும், விலையும் பல மடங்கு ஏறும். சிறிய பட்டறைக்கு இன்னொரு வழி இருக்கிறது. கையில் இருக்கும் திருகு எந்த இடத்தில் எவ்வளவு தப்புகிறது என்று ஒருமுறை பொறுமையாக அளந்து, அந்தத் தப்பைக் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடலாம். அளப்பதற்கு லேசர் கருவி இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்கு டயல் கேஜ் போதும், அதன் எல்லை தெரிந்திருந்தால்.

அந்த எல்லையிலிருந்தே தொடங்க வேண்டும். சாதாரண டயல் கேஜின் ஊசி பத்து மில்லிமீட்டர்தான் உள்ளே போய் வரும். ஐந்நூறு மில்லிமீட்டரை அதனால் எப்படி அளப்பது? அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. அந்தப் பத்து மில்லிமீட்டருக்குள்ளேயே டயல் கேஜுக்குச் சொந்தப் பிழை பத்துப் பதினைந்து மைக்ரான் இருக்கக்கூடும். நாம் தேடும் பிழையும் அதே அளவில்தான் இருக்கிறது. ஆனால் முள் பூஜ்ஜியத்துக்கு அக்கம்பக்கத்தில் ஓரிரு கோடுகள் மட்டும் அசையும்போது டயல் கேஜை நம்பலாம். ஆகவே நீளத்தைச் சொல்லும் வேலை ஸ்லிப் கேஜுக்கு. அந்த நீளத்துக்கும் டேபிள் நகர்ந்த தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் வேலை மட்டும் டயல் கேஜுக்கு.

கோவையில் ஒரு சிறு பட்டறையில் இதைச் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பழைய மில்லிங் மெஷின். மோட்டார் பூட்டி, லினக்ஸ்சிஎன்சி மென்பொருளில் ஓடுகிறது. ஐந்து மில்லிமீட்டர் பிட்ச் உள்ள பால் ஸ்க்ரூ, வாங்கிப் பல வருடம் ஆனது. ஸ்லிப் கேஜ் பெட்டியில் உள்ளவற்றில் பெரியது நூறு மில்லிமீட்டர்தான் என்பதால், நீளமான கேஜ்களை ஒரு டூல் ரூமிலிருந்து இரவல் வாங்கியிருந்தார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் பெரிய மைக்ரோமீட்டர்களோடு வரும் செட்டிங் ராடுகளைப் பயன்படுத்தலாம். அவை ஸ்லிப் கேஜ் அளவுக்குத் துல்லியமாக இருக்காது. எழுதியிருக்கும் அளவை அப்படியே நம்பாமல், எங்காவது ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

டேபிளின் ஒரு முனையில் முகம் அரைத்த கனமான இரும்புக் கட்டை ஒன்றை இறுக்கினார்கள். டயல் கேஜை மெஷினின் தலைப்பகுதியில் அசையாமல் பூட்டி, அதன் ஊசி கட்டையின் முகத்தை அரை மில்லிமீட்டர் அழுத்தும்படி வைத்து, அந்த இடத்தில் டயலைத் திருப்பிப் பூஜ்ஜியம் ஆக்கினார்கள். அதுதான் X பூஜ்ஜியம். இனி டேபிளை நூறு மில்லிமீட்டர் நகர்த்தினால் கட்டை டயலை விட்டு விலகிப் போகும். ஊசியை விரலால் தூக்கிப் பிடித்து, இடையில் உண்டான சந்தில் நூறு மில்லிமீட்டர் கேஜைக் கட்டையோடு ஒட்டி வைத்து, ஊசியை மெதுவாக விட வேண்டும். டேபிள் சரியாக நூறு நகர்ந்திருந்தால் முள் மறுபடி பூஜ்ஜியத்தில் நிற்கும். பன்னிரண்டு மைக்ரான் கூடுதலாக நகர்ந்திருந்தால், ஊசி அவ்வளவு வெளியே நீண்டு, முள் பூஜ்ஜியத்துக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு காட்டும். பிறகு இருநூறு, முந்நூறு என்று ஒவ்வொரு முறையும் அந்தந்த நீளமுள்ள கேஜை வைத்து அளக்கலாம். எல்லா அளவும் ஒரே பூஜ்ஜியத்திலிருந்து எடுக்கப்படுவதால் ஒரு அளவின் பிழை அடுத்ததில் ஏறாது. ஒரே நூறு மில்லிமீட்டர் கேஜை வைத்துக்கொண்டு கட்டையைத் தள்ளித் தள்ளிப் பூட்டி அளப்பவர்களும் உண்டு. அதில் ஒவ்வொரு பூட்டலிலும் ஓரிரண்டு மைக்ரான் சேர்ந்துகொண்டே போகும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அப்படிச் செய்யலாம்.

கேஜைத் தொடும் விதத்தில் அவர்கள் காட்டிய கவனம் எனக்குப் பிடித்திருந்தது. கேஜ்களையெல்லாம் முந்தைய நாள் மாலையே மெஷின் டேபிளின் மேல் பரப்பி வைத்துவிட்டார்கள். இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூடு ஏறினால் பதினொன்றரை மைக்ரான் நீளும். முந்நூறு மில்லிமீட்டர் கேஜை வெறுங்கையால் பிடித்து இரண்டு டிகிரி சூடாக்கிவிட்டால் ஏழு மைக்ரான் போய்விட்டது. அதனால் துணியால் பிடித்தார்கள், வைத்த பிறகு சில நிமிடம் காத்திருந்தார்கள். பட்டறையில் வெப்பம் 31 டிகிரி. கேஜில் எழுதியிருக்கும் அளவு 20 டிகிரிக்கு உரியது என்றாலும் இங்கே அது பிரச்சினை இல்லை. கேஜும் இரும்பு, செய்யப்போகும் வேலையும் இரும்பு. இரண்டும் ஒரே வெப்பத்தில் ஒரே அளவு நீண்டிருக்கின்றன. கேஜோடு ஒத்துப்போகும்படி மெஷினைத் திருத்தினால், அதில் செய்த இரும்பு வேலை 20 டிகிரிக்கு வரும்போது சரியான அளவில் இருக்கும். அலுமினிய வேலை என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அது இரும்பைப்போல இரண்டு மடங்கு நீளும். அதைத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

டயலை எந்த உயரத்தில் வைப்பது என்பதும் முக்கியம். டேபிள் ஓடும் பாதை தேய்ந்திருந்தால், டேபிள் ஓடும்போது மூக்கை லேசாகத் தூக்கும் அல்லது தாழ்த்தும். அந்தச் சாய்வு பத்து ஆர்க் செகண்ட் என்று வைத்துக்கொண்டாலும், இருநூறு மில்லிமீட்டர் உயரத்தில் அது கிட்டத்தட்ட பத்து மைக்ரான் நகர்வாகத் தெரியும். டேபிளை ஒட்டி அளந்து திருத்திவிட்டு, உயரமான வைஸில் வேலையைப் பிடித்தால் திருத்தம் பொருந்தாமல் போகும். அதனால் வழக்கமாகத் துளை போடும் உயரம் எதுவோ, அந்த உயரத்திலேயே கட்டையையும் டயலையும் வைத்தார்கள்.

அளவை எடுப்பதற்கு முன் இன்னொரு சோதனை. டேபிளை முந்நூறுக்குப் போகச் சொல்வது, அளப்பது, பூஜ்ஜியத்துக்குத் திரும்பி மறுபடி முந்நூறுக்குப் போய் அளப்பது. இப்படி ஐந்து தடவை. ஐந்து அளவும் மூன்று மைக்ரானுக்குள் அடங்கின. அது நல்ல சேதி. ஒவ்வொரு தடவையும் அளவு பதினைந்து மைக்ரான் அங்கும் இங்கும் ஓடியிருந்தால், அளப்பதை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பேரிங் தளர்ந்திருக்கலாம், கப்ளிங் வழுக்கலாம், டயல் ஸ்டாண்டே ஆடலாம். கம்ப்யூட்டரில் போடும் திருத்தம், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் தப்பைத்தான் குணப்படுத்தும். மாறிக்கொண்டே இருக்கும் தப்பை ஸ்பேனரால்தான் சரிசெய்ய வேண்டும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் டேபிளை ஒரே திசையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தினார்கள். திருகுக்கும் நட்டுக்கும் நடுவே கொஞ்சம் விளையாட்டு இருக்கும், அதுதான் பேக்லாஷ். ஒருமுறை இந்தப் பக்கத்திலிருந்தும் அடுத்த முறை அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தால், அளவில் பிட்ச் பிழையும் பேக்லாஷும் கலந்து எது எதென்று தெரியாது. முதலில் முன்னோக்கி வந்து ஒரு சுற்று அளந்தார்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு மில்லிமீட்டர் தாண்டிப் போய், திரும்பி வந்து நின்று இன்னொரு சுற்று அளந்தார்கள். முன்னோக்கி வந்தபோது கிடைத்த பிழைகள் இவை: நூறில் 0.012 கூடுதல், இருநூறில் 0.031, முந்நூறில் 0.068, நானூறில் 0.094, ஐந்நூறில் 0.105. கடைசியில் டேபிளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து கட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். முள் ஒரு மைக்ரான் தள்ளி நின்றது. அந்தக் கடைசிச் சரிபார்ப்பைத் தவிர்க்கவே கூடாது. பூஜ்ஜியமே நகர்ந்துபோயிருந்தால் நடுவில் எடுத்த அத்தனை அளவும் வீண்.

ஐந்நூறுக்கு 0.105 என்றால், ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பத்தில் ஒரு பங்கு இதுதான். பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் உடனே கேட்டார்: “அண்ணா, ஸ்கேலை மட்டும் மாத்திட்டாப் போதும்ங்களா?”

மூத்தவர் காகிதத்தில் புள்ளிகளைக் குறித்து, முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். “கோட்டு மேலயா இருக்குது, பாரு. நடுவுல வளையுது தம்பி. ஸ்கேல் நேர்கோட்டைத்தான் சரிபண்ணும். மிச்சத்துக்கு டேபிள் போடணும்.”

இந்த முறையின் மையமே அந்தப் பேச்சில் இருக்கிறது. பிழையில் ஒரு பங்கு, தூரத்துக்குத் தக்கபடி சீராக ஏறுகிறது. அதைச் சரிசெய்ய ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டாருக்கு எத்தனை துடிப்பு அனுப்ப வேண்டும் என்ற எண் அது. இந்த மெஷினில் சுற்றுக்கு 2000 துடிப்பு, பிட்ச் 5, ஆகவே மில்லிமீட்டருக்கு 400. ஐந்நூறு கேட்டால் 500.105 போகிறது என்பதால், 400ஐ 500ஆல் பெருக்கி 500.105ஆல் வகுத்தால் 399.916. இந்த எண்ணைப் போட்டதும் ஐந்நூறில் பிழை பூஜ்ஜியம் ஆகிவிடும். ஆனால் நடுவே? நூறில் ஒன்பது மைக்ரான் குறைவு, இருநூறில் பதினொன்று குறைவு, முந்நூறில் ஐந்து கூடுதல், நானூறில் பத்துக் கூடுதல். 105 மைக்ரான் தப்பிய மெஷின் இப்போது பதினொரு மைக்ரானுக்குள் வந்துவிட்டது. பாதிப் பேருக்கு இதுவே போதும். போல்ட் துளை போடும் வேலைக்கு இதற்கு மேல் மெனக்கெட வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து.

இதையும் குறைக்க வேண்டும் என்றால் அட்டவணை வேண்டும். லினக்ஸ்சிஎன்சியில் அது ஒரு சின்ன உரைக்கோப்பு. ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள்: நாம் கேட்ட இடம், முன்னோக்கிப் போகையில் டேபிள் உண்மையில் நின்ற இடம், பின்னோக்கி வருகையில் நின்ற இடம். ஸ்கேலை மாற்றிய பிறகு எடுத்த அளவுகள் இப்படி எழுதப்பட்டன:

```
0.000 0.000 0.012
100.000 99.991 100.005
200.000 199.989 200.013
300.000 300.005 300.029
400.000 400.010 400.023
500.000 500.000 500.012
```

மெஷினின் அமைப்புக் கோப்பில் அந்த அச்சுக்கு உரிய பகுதியில் உள்ள துடிப்பு எண்ணை மாற்றி, அட்டவணையின் பெயரையும் அதன் வகையையும் சேர்க்க வேண்டும்:

```
[JOINT_0]
SCALE = 399.916
COMP_FILE = xscrew.comp
COMP_FILE_TYPE = 0
```

வகை 0 என்றால் மேலே எழுதியதுபோல உண்மையான இடங்கள். வகை 1 என்றால் வித்தியாசங்களை மட்டும் எழுத வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மெஷின் தாறுமாறாகப் போகும். புள்ளிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்த வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மென்பொருள் நேர்கோடு இழுத்துக்கொள்ளும். பேக்லாஷுக்குத் தனியாக எண் போட்டிருந்தால் அது இனி கணக்கில் வராது. மூன்றாவது எண்ணே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அந்த மூன்றாவது எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓரங்களில் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் பன்னிரண்டு மைக்ரான். இருநூறிலும் முந்நூறிலும் இருபத்து நான்கு. பிட்ச் பிழை சட்டென்று ஏறுவதும் அதே இருநூறுக்கும் முந்நூறுக்கும் நடுவில்தான். வருடக்கணக்காக வைஸ் டேபிளின் நடுவிலேயே இருந்திருக்கிறது. வேலையெல்லாம் அங்கேதான் நடந்திருக்கிறது. திருகும் அங்கேதான் தேய்ந்திருக்கிறது. பேக்லாஷை முழு நீளத்துக்கும் ஒரே எண்ணாகப் போடுவது இங்கே சரிவராது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஃபேனக் கண்ட்ரோல் உள்ள மெஷின்களிலும் இதே வசதி உண்டு. புள்ளிகளின் எண்ணும் இடைவெளியும் 3620 முதல் 3624 வரையுள்ள பாராமீட்டர்களில் வரும். அங்கே ஒரு வேறுபாடு பலரைத் தடுமாற வைக்கிறது. அந்த அட்டவணையில் மொத்தப் பிழையை எழுதக்கூடாது. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குள் எவ்வளவு மாறியது என்பதைத்தான் எழுத வேண்டும். நம் அளவில் மொத்தப் பிழைகள் −9, −11, +5, +10, 0 என்றால், புள்ளிக்குப் புள்ளி மாற்றம் −9, −2, +16, +5, −10. இவற்றைக் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும், கடைசிப் புள்ளியின் பிழை பூஜ்ஜியம் ஆயிற்றே. திருத்தம் என்பதால் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இடம் மாறும். குறி தப்பினால் கண்டுபிடிப்பது எளிது: ஒன்பது மைக்ரான் தப்பிய இடம் பதினெட்டு தப்பும். முழு அட்டவணையையும் ஏற்றுவதற்கு முன் ஒரே ஒரு புள்ளியில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு ஒரு பொறி மிச்சம் இருக்கிறது. நூறு, இருநூறு, முந்நூறு என்று அளந்தோம். எல்லாமே ஐந்தின் மடங்கு. அதாவது ஒவ்வொரு அளவின்போதும் திருகு சரியாக ஒரே கோணத்தில் நின்றிருக்கிறது. ஒரு சுற்றுக்குள்ளேயே டேபிள் முன்னும் பின்னும் ஊசலாடினால், அந்த ஊசல் இந்த அளவுகளில் சுத்தமாகத் தெரியாது. திருகைத் தாங்கும் பேரிங்கின் முகம் செங்குத்தாக இல்லாவிட்டாலோ, கப்ளிங் மையம் விலகியிருந்தாலோ இப்படி நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் டேபிள் கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி, சுற்று முடியும்போது சரியான இடத்துக்கு வந்துவிடும்.

அதைத் தேட, ஐந்து மில்லிமீட்டரை அரை மில்லிமீட்டர் படிகளாகப் பிரித்து டயல் கேஜை மட்டும் வைத்து அளக்கிறார்கள். இங்கே டயலின் ஊசி நீண்ட தூரம் ஓட வேண்டியிருப்பதால், டயலின் சொந்தப் பிழையும் உள்ளே நுழைந்துவிடும். ஊசி பத்து டிகிரி சாய்ந்திருந்தால்கூட நூற்றுக்கு ஒன்றரை வீதம் தப்பாகக் காட்டும். ஐந்து மில்லிமீட்டரில் அது எழுபத்தைந்து மைக்ரான்! ஊசியைக் கட்டையின் முகத்துக்கு நேராக வைக்க வேண்டும். கிடைக்கும் வளைவு திருகுடையதா டயலுடையதா என்று பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. டயலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பூட்டி, அதே ஐந்து மில்லிமீட்டரை மறுபடி அளக்க வேண்டும். ஏற்ற இறக்கம் டேபிளின் அதே இடங்களில் வந்தால் குற்றம் திருகின் பக்கம். டயல் முகப்பின் அதே இடங்களில் வந்தால் குற்றம் டயலின் பக்கம். கோவைப் பட்டறையில் திருகின் ஊசல் இரு பக்கமும் மூன்று மைக்ரான் மட்டுமே இருந்தது. விட்டுவிட்டார்கள்.

அது பதினைந்து மைக்ரானாக இருந்திருந்தால் அட்டவணையில் ஏற்றியிருக்க முடியுமா? ஐந்நூறு மில்லிமீட்டரில் நூறு சுற்று. ஒரு சுற்றுக்கு நான்கே நான்கு புள்ளி வைத்தாலும் நானூறு வரி வேண்டும். லினக்ஸ்சிஎன்சி ஓர் அச்சுக்கு 256 வரிதான் ஏற்கும். இடம் இருந்தாலும் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பேரிங்கைக் கழற்றி முகத்தைச் சரிசெய்தால் போகக்கூடிய நோய் அது. மென்பொருளில் மறைத்தால், அடுத்த முறை யாராவது கப்ளிங்கைக் கழற்றி வேறு கோணத்தில் பூட்டியதும் திருத்தமே பிழையாக மாறிவிடும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்த யோசனை நடைமுறையில் இருந்தது. 1862இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட எஸ்ஐபி நிறுவனம், மிகத் துல்லியமாகத் துளையிடும் ஜிக் போரிங் மெஷின்களுக்குப் பேர்போனது. அவர்கள் திருகின் பிழையை இடத்துக்கு இடம் அளந்து, அதற்கு ஏற்ப ஓர் உலோகப் பட்டையின் விளிம்பை மேடு பள்ளமாகச் செதுக்கினார்கள். டேபிள் ஓடும்போது ஒரு நெம்புகோல் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே போகும். விளிம்பு மேடேறும் இடத்தில் அளவுக் குறியைச் சற்றே நகர்த்திவிடும். பிழையைப் பதிந்து வைத்த இரும்புக் கோப்பு என்று அந்தப் பட்டையைச் சொல்லலாம். கையால் சுழற்றும் மில்லிங் மெஷின் வைத்திருப்பவர்களும் இதையே காகிதத்தில் செய்யலாம்: ஹேண்ட்வீலுக்குப் பக்கத்தில் அட்டவணையை ஒட்டி வைத்து, நானூறுக்குப் போக வேண்டுமென்றால் 0.094 குறைத்து நிறுத்துவது. திருகையே நம்பாமல் டேபிளோடு கண்ணாடி ஸ்கேல் பூட்டி டிஆர்ஓவில் படிப்பது இன்னும் நல்லது. அங்கும் ஸ்கேலை ஒருமுறை இதே கேஜ்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இந்தத் திருத்தத்துக்குப் பெரிய எதிரி சூடு. வேகமாக முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும் திருகு, நட்டின் உராய்வால் சூடாகும். திருகு மட்டும் ஐந்து டிகிரி ஏறினால், பூட்டிய முனையிலிருந்து ஐந்நூறு மில்லிமீட்டர் தொலைவில் அது இருபத்தொன்பது மைக்ரான் நீண்டிருக்கும். நாம் பாடுபட்டுக் குறைத்த பதினொரு மைக்ரானைவிட அது இரண்டரை மடங்கு. காலையில் குளிர்ந்த மெஷினில் எடுத்த அட்டவணை மதியம் பொய் சொல்லும். அதனால் அளப்பதற்கு முன் அரை மணி நேரம் டேபிளை வழக்கமான வேகத்தில் ஓட்டிச் சூடாக்கிவிட்டே அளக்க ஆரம்பித்தார்கள். துல்லியமான வேலை செய்யும் நாட்களிலும் முதலில் அதே அரை மணி நேரம் ஓட்டுகிறார்கள். சூடு ஏறி இறங்குவதை அட்டவணை அறியாது. நாம்தான் இரண்டு வேளையையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும்.

அட்டவணையை ஏற்றியபின் அது வேலை செய்கிறதா என்று பார்க்க, அளந்த அதே புள்ளிகளையே மறுபடி அளப்பதில் பெரிய பயனில்லை. அங்கே நன்றாகத்தான் வரும். பட்டறையில் 52.5, 152.5, 252.5 என்று நடுவிலும், திருகு அரைச் சுற்றுத் திரும்பி நிற்கும் இடங்களிலும் கேஜ்களைச் சேர்த்து வைத்து அளந்தார்கள். இப்படி எடுத்தால் அட்டவணையின் புள்ளிகளுக்கு நடுவில் மறைந்திருக்கும் வளைவும், சுற்றுக்குள் நடக்கும் ஊசலும் சேர்ந்தே வெளிப்படும். எல்லா இடத்திலும் பிழை ஆறு மைக்ரானுக்குள் இருந்தது. எங்காவது பத்தைத் தாண்டியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி சேர்த்திருப்பார்கள்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் அட்டவணைக் கோப்போடு அளந்த தேதி, பட்டறையின் வெப்பம், டயல் வைத்த உயரம் மூன்றையும் எழுதி வையுங்கள். நட்டையோ பேரிங்கையோ மாற்றிய அன்றே பழைய அட்டவணையை நீக்கிவிட்டு, புதிதாக அளந்துகொள்ளுங்கள்.